முன்தேதியோடு வந்து சேரும் பதிவுகள்

இணையக் கடை ஒன்றின் டேட்டாபேஸில் 5012ஆம் ஆர்டருக்குப் பணம் வந்துவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது. கணக்குப் பிரிவினர் பார்க்கும் அறிக்கையிலோ அதே ஆர்டர் இன்னும் ‘பணம் வரவில்லை’ என்று நிற்கிறது. கடையின் டேட்டாபேஸிலிருந்து அறிக்கைக்கான டேட்டாபேஸுக்கு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி மாற்றங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிங்க் நிரல் ஒன்று இருக்கிறது. அது எழுதிவைக்கும் லாக்கைத் திறந்து பார்த்தால் ஒரு பிழைச் செய்திகூட இல்லை. ஒவ்வொரு ஓட்டமும் ஒழுங்காக முடிந்ததாகவே இருக்கிறது. ஆனாலும் அந்த ஆர்டர் போய்ச் சேரவில்லை. எத்தனை நாள் காத்திருந்தாலும் தானாகப் போய்ச் சேரப்போவதும் இல்லை.

இந்தக் கோளாறு எப்படி வருகிறது என்று பார்க்க, அந்த சிங்க் வேலைசெய்யும் விதத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். லட்சக்கணக்கான பதிவுகள் உள்ள டேபிளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முழுசாக நகலெடுப்பது கட்டுப்படியாகாது. மாறியதை மட்டும் எடுத்தால் போதும். அதற்காக ஒவ்வொரு பதிவிலும் `updated_at` என்று ஒரு கட்டம் வைக்கிறார்கள். பதிவு மாறும்போதெல்லாம் அப்போதைய நேரம் அதில் முத்திரையாக விழும். சிங்க் நிரல் தான் கடைசியாகப் பார்த்த முத்திரைகளிலேயே பெரியதைக் குறித்துவைத்துக்கொள்ளும். இதற்கு ‘வாட்டர்மார்க்’ என்று பெயர். அடுத்த முறை வரும்போது அந்தக் குறிக்குப் பிந்தியவற்றை மட்டும் கேட்கும்:

```sql
SELECT * FROM orders
WHERE updated_at > :watermark
ORDER BY updated_at;
```

எளிமையான வழி. எழுதுவதற்குப் பத்து நிமிடம் போதும், எந்த டேட்டாபேஸிலும் ஓடும். அதனால்தான் இது இவ்வளவு பரவலாக இருக்கிறது. ஆனால் இந்த மூன்று வரிகளுக்குள் சொல்லப்படாத ஒரு நம்பிக்கை இருக்கிறது: சிறிய முத்திரை கொண்ட பதிவு முதலில் கண்ணுக்குத் தெரியும், பெரிய முத்திரை கொண்டது பிறகு தெரியும் என்பது. டேட்டாபேஸ் அப்படி ஒரு வாக்குறுதியைத் தருவதே இல்லை.

நாற்பது வினாடியில் நடந்தது

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை எடுத்துக்கொள்வோம். அதில் எந்த மாற்றமும் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள்தான் நடக்கும். `BEGIN` என்று தொடங்கி, வேண்டிய மாற்றங்களைச் செய்து, கடைசியில் `COMMIT` சொன்னால்தான் அது உறுதியாகும். கமிட் ஆகும்வரை அந்த மாற்றம் மற்றவர்கள் கண்ணில் படாது. அவர்களுக்கு அந்தப் பதிவின் பழைய வடிவமே தெரியும்.

இங்கே இன்னொரு விஷயம் சேர்ந்துகொள்கிறது. முத்திரை போடப் பெரும்பாலும் பயன்படுத்தும் `now()`, போஸ்ட்கிரெஸில் இந்தக் கணத்தின் நேரத்தைத் தருவதில்லை; டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரத்தைத் தருகிறது. ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் எத்தனை தடவை கேட்டாலும் அதே நேரம்தான் வரும். இது பிழையல்ல. ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் நடந்தவை எல்லாம் ஒரே நேரத்தைத் தாங்கியிருக்க வேண்டும் என்று தெரிந்தே இப்படி அமைத்திருக்கிறார்கள்.

இப்போது 5012ஆம் ஆர்டருக்கு வருவோம். சரியாக 10:00:00 மணிக்குக் கடையின் மென்பொருள் ஒரு டிரான்சாக்‌ஷனைத் தொடங்குகிறது. ஆர்டரின் நிலையை மாற்றுகிறது, கையிருப்பைக் குறைக்கிறது, பிறகு பணம் வந்ததை உறுதிசெய்ய வங்கியின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. பதில் வர நேரமாகிறது. பதிவில் விழுந்த முத்திரை 10:00:00. ஆனால் கமிட் ஆகவில்லை.

10:00:20க்கு இன்னொரு வாடிக்கையாளரின் 5013ஆம் ஆர்டர் மாறுகிறது. அது உடனே கமிட் ஆகிவிடுகிறது. முத்திரை 10:00:20.

10:00:30க்கு சிங்க் ஓடுகிறது. 5013 அதன் கண்ணில் படுகிறது, எடுத்துக்கொள்கிறது. 5012இன் புதிய வடிவம் இன்னும் வெளியே தெரியவில்லை. தெரிவதெல்லாம் அதன் பழைய வடிவம். அதை சிங்க் முன்பே எடுத்தாயிற்று. ஆகவே வேலை முடிந்தது என்று வாட்டர்மார்க்கை 10:00:20 என்று குறித்துவைக்கிறது.

10:00:40க்கு வங்கியின் பதில் வருகிறது, 5012 கமிட் ஆகிறது. இப்போதுதான் அந்த மாற்றம் உலகத்துக்குத் தெரிகிறது. ஆனால் அதன் நெற்றியில் இருக்கும் முத்திரை 10:00:00.

10:05:30க்கு சிங்க் மறுபடி வருகிறது. 10:00:20க்குப் பிந்தியவற்றைக் கொடு என்று கேட்கிறது. 5012 அந்தக் கேள்விக்குப் பதிலாக வராது. அடுத்த ஓட்டத்தில் வாட்டர்மார்க் இன்னும் மேலே போயிருக்கும். 5012 அதற்குக் கீழேயே தங்கிவிடும்.

பத்தாம் தேதி எழுதிய கடிதத்தைப் பதினைந்தாம் தேதி தபாலில் போட்டதைப் போன்றது இது. பன்னிரண்டாம் தேதிவரை உள்ள கடிதங்களைக் கோப்பில் சேர்த்தாயிற்று என்று குறித்துக்கொண்ட குமாஸ்தா, இனி அதற்குப் பிந்திய தேதியிட்ட கடிதங்களை மட்டும் எடுத்தால், அந்தக் கடிதம் மேஜைமேல் கிடந்தாலும் அவர் கை அதன்மேல் படாது.

ஏன் யாருக்கும் தெரிவதில்லை

மென்பொருளை எழுதுபவர் தன் கணினியில் சோதித்துப் பார்க்கும்போது இது வெளிப்படவே வெளிப்படாது. காரணம், 5012 நழுவுவதற்கு 5013 வேண்டும். ஒரே ஆள், ஒரே நேரத்தில் ஒரே மாற்றத்தைச் செய்துகொண்டிருந்தால், திறந்திருக்கும் டிரான்சாக்‌ஷனை முந்திக்கொண்டு இன்னொன்று கமிட் ஆகாது. வாட்டர்மார்க் மேலே போகாது. தாமதமாக வந்தாலும் அந்தப் பதிவு அடுத்த ஓட்டத்தில் சிக்கிவிடும். பலரும் ஒரே சமயத்தில் வேலைசெய்யும் நெரிசலில்தான் இது நடக்கும். வியாபாரம் சூடுபிடித்த நேரங்களில் கூடும். மந்தமான நேரங்களில் குறையும்.

இன்னொரு காரணம், பெரும்பாலான நழுவல்கள் தாமாகவே சரியாகிவிடுகின்றன. ஒரு ஆர்டர் பலமுறை மாறும்: பணம் வந்தது, பொட்டலம் கட்டியாயிற்று, அனுப்பியாயிற்று, போய்ச் சேர்ந்தது. நடுவில் ஒரு மாற்றம் நழுவினாலும் அடுத்த மாற்றத்தில் முத்திரை புதிதாகும், முழுப் பதிவும் சரியாகப் போய்ச் சேரும். எந்த மாற்றம் நழுவினால் பதிவு நிரந்தரமாகத் தவறாக நிற்கும் என்றால், அது அந்தப் பதிவின் கடைசி மாற்றம். ‘ரத்து செய்யப்பட்டது’, ‘பணம் திருப்பித் தரப்பட்டது’ போன்ற இறுதி நிலைகள். கணக்குக்கு மிக முக்கியமானவையும் அவைதான்.

கைக்குக் கிடைக்கும் வைத்தியங்கள்

விஷயம் தெரிந்ததும் முதலில் தோன்றும் சில திருத்தங்கள் பலிப்பதில்லை. `>` என்பதை `>=` என்று மாற்றினால் வாட்டர்மார்க்குக்குச் சமமான பதிவுகள் மீண்டும் வரும். 5012 சமமானது அல்ல, இருபது வினாடி குறைவானது. முத்திரையை மைக்ரோ வினாடிவரை துல்லியமாக்கினாலும் பயனில்லை. இங்கே கோளாறு துல்லியத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது.

`now()`க்குப் பதிலாக `clock_timestamp()` போடலாம். அது கேட்ட கணத்தின் உண்மையான நேரத்தைத் தரும். ஆனால் முத்திரை விழுவது எப்போதும் கமிட்டுக்கு முன்னால்தான். வங்கியின் பதிலுக்காகக் காத்திருந்த நாற்பது வினாடியும் முத்திரை விழுந்த பிறகு கழிந்தது என்பதால், 5012க்கு இது துளியும் உதவாது. மற்ற இடங்களில் இடைவெளியைச் சுருக்கும், மூடாது. மைஎஸ்க்யூஎல்லில் `NOW()` அந்தக் கட்டளை தொடங்கிய நேரத்தைத் தரும். அங்கேயும் கமிட் அதற்குப் பிறகுதான்.

நேரமே வேண்டாம், தானாக ஏறும் வரிசை எண்ணை வைத்துக்கொள்ளலாம் என்றால், அந்த எண்ணும் கமிட்டுக்கு முன்பே வழங்கப்பட்டுவிடுகிறது. 101 என்ற எண்ணை வாங்கியவர் தாமதிக்க, 102 வாங்கியவர் முந்திக்கொள்வார். கடிகாரம் போய் எண் வந்ததே தவிர, கதை அதேதான்.

ஒரே முத்திரை, நாலாயிரம் பதிவுகள்

டிரான்சாக்‌ஷன் முழுவதற்கும் ஒரே நேரம் என்ற அந்த அமைப்பிலிருந்து இன்னொரு ஓட்டையும் பிறக்கிறது. விலைப்பட்டியலைத் திருத்தும் ஒரு வேலை, ஒரே கட்டளையில் 4,000 பொருட்களை மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலாயிரத்துக்கும் கடைசி மைக்ரோ வினாடிவரை ஒரே முத்திரை. சிங்க் நிரலோ சுமையைக் குறைக்க ஒரு நேரத்தில் ஆயிரம் பதிவு என்று பக்கம் பக்கமாக எடுக்கிறது. முதல் ஆயிரத்தை எடுத்ததும் அந்த முத்திரையையே வாட்டர்மார்க்காகக் குறித்து, அடுத்த பக்கத்துக்கு அதைவிடப் பெரியதைக் கேட்கிறது. மீதி மூவாயிரமும் சமமானவை, பெரியவை அல்ல. ஒரே மூச்சில் மூவாயிரம் பதிவுகள் போய்விட்டன.

இதில் `>=` போட்டால் அதே முதல் ஆயிரம் திரும்பத் திரும்ப வந்து, நிரல் நின்ற இடத்திலேயே சுற்றும். சரியான வழி, முத்திரையோடு பதிவின் எண்ணையும் சேர்த்து இரண்டையும் ஒன்றாக ஒப்பிடுவது:

```sql
WHERE (updated_at, id) > (:last_ts, :last_id)
ORDER BY updated_at, id
LIMIT 1000
```

முத்திரை சமமாக இருந்தால் எண் வரிசை தீர்மானிக்கும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் இது பக்கம் பிரிப்பதில் உள்ள ஓட்டையை மட்டும்தான் அடைக்கும். 5012ஐ இதுவும் காப்பாற்றாது.

பின்வாங்கிப் படிப்பது

5012ஐப் பிடிக்க நடைமுறையில் அதிகம் கையாளப்படும் வழி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்வாங்கிப் படிப்பது. வாட்டர்மார்க் 10:00:20 என்றால் 9:50:20இலிருந்து கேட்பது. முன்பே எடுத்த பதிவுகள் பலவும் மறுபடி வரும். அதனால் வாங்கிக்கொள்ளும் பக்கம், ஒரே பதிவு எத்தனை முறை வந்தாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் `INSERT ... ON CONFLICT (id) DO UPDATE` இதற்கானது: பதிவு இல்லையென்றால் சேர்க்கும், இருந்தால் புதுப்பிக்கும். வரும் தொகையை எல்லாம் அப்படியே கூட்டிக்கொண்டு போகிற மாதிரி அறிக்கை எழுதியிருந்தால், இந்தப் பின்வாங்கல் கணக்கை இரட்டிப்பாக்கிவிடும்.

பத்து நிமிடம் போதுமா? கடையின் மிக நீளமான டிரான்சாக்‌ஷன் பத்து நிமிடத்துக்குள் முடியும் என்றால் போதும். மாதக் கடைசியில் நாற்பது நிமிடம் ஓடும் கணக்கு முடிப்பு வேலை ஒன்று இருந்தால், அன்றைக்குப் போதாது. பத்து நிமிடம் என்பது ஊகம்தான். அதைவிடப் பெரிய எண் போட்டாலும் கொஞ்சம் பெரிய ஊகமே.

ஊகிப்பதற்குப் பதில் டேட்டாபேஸையே கேட்டுவிடலாம். இந்தக் கணத்தில் திறந்திருக்கும் டிரான்சாக்‌ஷன்களில் மிகப் பழையது எப்போது தொடங்கியது என்பது போஸ்ட்கிரெஸுக்குத் தெரியும்:

```sql
SELECT min(xact_start)
FROM pg_stat_activity
WHERE datname = current_database();
```

பதிவுகளைப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டு, வரும் நேரத்தைத்தான் அடுத்த வாட்டர்மார்க்காகக் குறித்துவைக்க வேண்டும். படித்த முத்திரைகளில் பெரியதை அல்ல. அடுத்த ஓட்டத்தில் அதற்குச் சமமானதையும் பிந்தியதையும் கேட்க வேண்டும். 10:00:30க்கு ஓடிய சிங்க் இப்படிக் கேட்டிருந்தால் 10:00:00 என்று பதில் வந்திருக்கும், 10:05:30 ஓட்டத்தில் 5012 அகப்பட்டிருக்கும். இன்னும் முடியாத எந்த வேலையின் முத்திரையும் இந்தக் குறிக்குக் கீழே விழ முடியாது என்பதுதான் இதன் பலம். டிரான்சாக்‌ஷன் தொடங்குவதற்கும் அது இந்தப் பட்டியலில் தெரிவதற்கும் நூலிழை இடைவெளி உண்டு என்பதால், வந்த நேரத்திலிருந்து சில வினாடிகளைக் கழித்துக்கொள்வது நல்லது.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. சாதாரண உரிமை கொண்ட பயனராக உள்ளே நுழைந்து கேட்டால், மற்ற பயனர்களின் `xact_start` வெற்றாகவே காட்டப்படும். `min` வெற்று மதிப்புகளைக் கண்டுகொள்ளாது. விளைவாக, திறந்திருக்கும் வேலை எதுவும் இல்லை என்பதுபோல் இப்போதைய நேரமே பதிலாக வரும். பிழை எதுவும் எழாமல், பழைய ஓட்டை அப்படியே திறந்துகொள்ளும். சிங்க் பயனருக்கு `pg_read_all_stats` உரிமையைக் கொடுத்தாக வேண்டும். அத்துடன், முத்திரையை டேட்டாபேஸ் தன் `now()` மூலம் போடும்போது மட்டுமே இந்த முறை செல்லும். கடையின் மென்பொருள் ஓடும் சர்வர்கள் தத்தம் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதி அனுப்பினால், அவற்றுக்குள் உள்ள வேறுபாடும் சேர்ந்துகொள்ளும்.

முத்திரைக்கு எட்டாதவை

வாட்டர்மார்க்கை எவ்வளவு சரியாக வைத்தாலும் இரண்டு வகை மாற்றங்கள் இந்த முறைக்கு அகப்படாது. ஒன்று, அழிக்கப்பட்ட பதிவு. இல்லாத பதிவுக்கு முத்திரை ஏது? அறிக்கை டேட்டாபேஸில் அது என்றைக்கும் உயிரோடு நிற்கும். அதனால்தான் பல இடங்களில் உண்மையாக அழிக்காமல் `deleted_at` என்று ஒரு கட்டத்தில் நேரம் குறித்துவைக்கிறார்கள்.

இன்னொன்று, முத்திரையைத் தொடாமல் நடக்கும் மாற்றம். ஜாங்கோவில் `auto_now` என்று அமைத்துவிட்டால் முத்திரை தானாக விழும் என்று நினைப்போம். `save()` செய்யும்போது விழும். மொத்தமாக மாற்றும் `QuerySet.update()` அதைத் தொடாது. ரெயில்ஸில் `update_all`கூட அப்படித்தான். அவசரத்துக்கு ஒருவர் நேரடியாக டேட்டாபேஸில் கைவைத்துத் திருத்தினாலும் இதே கதி. முத்திரையை மென்பொருளின் பொறுப்பில் விடாமல், டேபிளிலேயே ஒரு டிரிகர் எழுதி வைத்தால், எந்த வழியாக மாற்றம் வந்தாலும் முத்திரை விழும்.

இத்தனையையும் ஒருசேரத் தீர்ப்பது, டேபிளைக் கேட்பதை விட்டுவிட்டு டேட்டாபேஸின் லாக்கைப் படிப்பது. மின்சாரம் போனாலும் தரவு தொலையாமல் இருக்க, போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் தன் லாக்கில் எழுதுகிறது. 2014இல் வந்த 9.4 பதிப்பிலிருந்து அந்த லாக்கை வெளியிலிருந்து பொருள் பிரித்துப் படிக்க வழி உண்டு. டிபீசியம் போன்ற கருவிகள் அதைத்தான் செய்கின்றன. அங்கே மாற்றங்கள் கமிட் ஆன வரிசையில் வருகின்றன, அழிப்புகளும் வருகின்றன. 5013 முதலில் வரும், 5012 பிறகு வரும், எதுவும் நழுவாது.

இதற்கும் விலை உண்டு. `wal_level` என்ற அமைப்பை `logical` என்று மாற்றி சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். படிக்கும் நிரல் நின்றுபோனால், அது திரும்பி வந்து படிக்கட்டும் என்று போஸ்ட்கிரெஸ் பழைய லாக்கைக் கழிக்காமல் சேர்த்துவைத்துக்கொண்டே போகும். யாரும் கவனிக்காவிட்டால் டிஸ்க் நிரம்பிக் கடையே நின்றுவிடும். 13ஆம் பதிப்பில் வந்த `max_slot_wal_keep_size` அதற்கு ஒரு வரம்பு வைக்கிறது. வரம்பு மீறினால் கடை பிழைக்கும், ஆனால் சிங்கை முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

நழுவியதா என்று கண்டுபிடிக்க

இரு பக்கமும் எத்தனை பதிவுகள் என்று எண்ணிப் பார்ப்பது போதாது. 5012 இரண்டு பக்கமும் இருக்கிறது. மாறாமல் கிடப்பதுதான் சிக்கல். எண்ணிக்கையோடு முத்திரைகளின் கூட்டுத்தொகையையும் நாள்வாரியாக எடுத்து ஒப்பிடலாம்:

```sql
SELECT created_at::date, count(*),
       sum(extract(epoch FROM updated_at)::bigint)
FROM orders
GROUP BY 1 ORDER BY 1;
```

இரு பக்கமும் ஒரே நேர மண்டல அமைப்பில், கடை ஓய்ந்திருக்கும் வேளையில் ஓட்ட வேண்டும். எந்த நாளின் தொகை ஒத்துப்போகவில்லையோ அந்த நாளின் பதிவுகளை மட்டும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் போதும்.

முத்திரையே மாறாத திருத்தங்கள் இந்தக் கூட்டலிலும் தெரியாது. அதற்குத் தொகை, நிலை போன்ற கட்டங்களையும் சேர்த்து ஒப்பிட வேண்டும்.

வேறுபாடு கண்டதும் உடனே முழு நகலெடுத்துச் சரிசெய்துவிடத் தோன்றும். அதற்கு முன் நழுவிய பதிவுகளைப் பட்டியலிட்டுக்கொள்வது நல்லது, ஏனென்றால் காரணத்தை அவையே சொல்லும். மூலத்தில் உள்ள முத்திரை, ஏதோ ஒரு ஓட்டத்தின் வாட்டர்மார்க்குக்குச் சில வினாடிகளோ நிமிடங்களோ முன்னால் நின்றால், அது தாமதமாகக் கமிட் ஆனது. நூற்றுக்கணக்கானவை ஒரே முத்திரையோடு கூட்டமாகக் காணாமல் போயிருந்தால், பக்கம் பிரித்ததில் போனவை. முத்திரை இரு பக்கமும் ஒன்றாக இருந்து மதிப்பு மட்டும் வேறென்றால், யாரோ முத்திரையைத் தொடாமல் திருத்தியிருக்கிறார்கள். அறிக்கையில் மட்டும் இருந்து மூலத்தில் இல்லையென்றால், அது அழிக்கப்பட்டது. நாலு காரணத்துக்கும் நாலு வெவ்வேறு திருத்தங்கள் என்பதால், முழு நகல் இந்தத் தடயங்களை அழித்துவிடும் முன் இந்தப் பட்டியல் கையில் இருக்க வேண்டும். இதைப் பார்க்க ஒவ்வொரு ஓட்டமும் எப்போது ஓடியது, எந்த வாட்டர்மார்க்கோடு முடிந்தது என்ற வரலாறு தேவை. பெரும்பாலான சிங்க் நிரல்கள் கடைசி வாட்டர்மார்க்கை மட்டும் வைத்துக்கொண்டு முந்தியவற்றை அழித்துவிடுகின்றன. ஓட்டத்துக்கு ஒரு வரி வீதம் அவற்றைத் தனி டேபிளில் சேர்த்துவைத்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடினாலும் நாளொன்றுக்கு 288 வரிகள்தான் ஆகும்.